நீச்சல் குளத்து ஓர வெளிச்சம்: Blender Cycles ரெண்டரில் ஒரு சிக்கல்

வணக்கம் நண்பர்களே. வில்லா முகப்பில் 8×4 மீட்டர் குளம், அந்திநேரக் காட்சி. விளிம்புக் கல்லுக்கு அடியில், நீர்மட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே, 3 செ.மீ. பள்ளத்துக்குள் எமிஷன் பட்டை.

முதலில் தரை இருண்டு, வெள்ளைப் புள்ளிகளாகத் தெறித்தது. காரணம் பிடிபட்டது: நீர் மெஷ் சுவருக்குள் 1 செ.மீ. மட்டுமே போயிருந்ததால் பட்டை நீருக்கு வெளியே இருந்தது. அதன் ஒளி நீர் மெஷ்ஷின் கண்ணாடி முகத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். மெஷ்ஷை 5 செ.மீ. உள்ளே நீட்டியதும் தரை சுத்தமாகிவிட்டது.

பிரதிபலிப்பில் குறையில்லை. IOR 1.333, கேமரா உயரம் 1.6 மீட்டர், எதிர்க்கரை 9 மீட்டர் தூரம். அந்தக் கோணத்தில் நீர் 40 சதவீதம்வரை பிரதிபலிக்கும், நேர்கீழே பார்த்தால் 2 சதவீதம்தான். அதனால் எதிர்க்கரைப் பக்கம் வெளிச்சம் மங்குவது இயல்பே. அங்கே பட்டையைக் கூட்டினால் பொய்யாகத் தெரிகிறது.

இப்போது சிக்கல், நீரிலிருந்து மேலே வந்து சுவரில் ஆடவேண்டிய ஒளிதான். `Is Shadow Ray` வழியாக `Transparent BSDF` கலந்தால் சுவரில் தட்டையான வெளிச்சம் விழுகிறது, அலை நெளிவு இல்லை. `Shadow Caustics` தேர்வோ விளக்குப் பொருள்களில்தான் இருக்கிறது, எமிஷன் மெஷ்ஷில் இல்லை.

பட்டையைப் பார்வைக்கு மட்டும் வைத்து, ஒளிக்கு ஏரியா லைட் போட்டவர்கள் உண்டா? 8 மீட்டருக்கு ஒரே லைட்டா, துண்டுகளா? நீர்ப்பரப்பு அலையை பம்ப்பில் விடலாமா, மெஷ்ஷிலேயே கொடுக்கவேண்டுமா?