கலைச்சொல் விவாதம்: வெள்ளெழுத்துக்கு விடும் கண்சொட்டை எப்படி அழைப்பது?

கயல்:
அனைவருக்கும் வணக்கம். கண் மருத்துவமனைக்கு வருபவர்களுக்காக ஒரு சிறு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் உள்ள எழுத்தைத் தெளிவாக்கும் சொட்டுகள் இப்போது வந்திருக்கின்றன. பைலோகார்பின் 1.25% உள்ள வூயிட்டிக்கு அமெரிக்காவில் 2021 அக்டோபரில் அனுமதி கிடைத்தது, அசிக்ளிடின் உள்ள விஸுக்கு 2025 ஜூலையில் கிடைத்தது. இந்த வகை முழுவதற்கும் ஒரு பெயர் வேண்டும். வரைவில் இப்போதைக்கு 'கிட்டப்பார்வைச் சொட்டு' என்று போட்டிருக்கிறேன், சரிதானா?

அச்சகத்தான்:
அது வேண்டாம் அம்மா. கிட்டப்பார்வை என்றால் தூரத்தில் இருப்பது தெரியாத குறை என்றுதான் பள்ளிப் பாடத்திலிருந்தே படித்து வந்திருக்கிறோம். மைனஸ் கண்ணாடி போட்ட பையன் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, நமக்குத்தான் மருந்து வந்திருக்கிறது என்று வாங்கிவிடுவான். வயதானால் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறோமே, அதற்கு வெள்ளெழுத்து என்று நல்ல பெயரே இருக்கிறது. சாளேசரம் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். 'வெள்ளெழுத்துச் சொட்டு' என்று வைத்தால் முடிந்தது.

தென்னவன்:
அதில் வேலை என்ன என்பது தெரியவில்லையே. இந்த மருந்து கண்ணுக்குள் இருக்கும் தசையை இயக்கி, லென்ஸை மறுபடியும் வளைய வைக்கிறது. அதனால் 'விழித்தசை ஊக்கி' என்பது பொருத்தம். தொடர்ந்து விட்டால் கண்ணாடியே தேவைப்படாது என்றுதான் விளம்பரத்திலும் படித்தேன்.

விழிமருத்துவர்:
தென்னவன் தம்பி சொல்வதில் பாதி சரி. பைலோகார்பின் அந்தத் தசையையும் சுருக்கத்தான் செய்யும், ஆனால் வயதாக ஆக லென்ஸ் விறைத்துப்போய்விடுகிறது, தசை எவ்வளவு இழுத்தாலும் அது பெரிதாக வளைவதில்லை. இந்தச் சொட்டு முக்கியமாக வேலை செய்யும் இடம் கண்மணி. கண்மணியைச் சுற்றியிருக்கும் நிற வளையமான ஐரிஸின் உள்விளிம்பில் வட்டமாக ஓடும் தசையை இறுக்கிக் கண்மணியைச் சிறிதாக்குகிறது, அவ்வளவுதான். வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு அட்டையில் ஊசியால் துளை போட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படியுங்கள். எழுத்து கூர்மையாகும், ஆனால் மங்கலான வெளிச்சத்தில் இருப்பதுபோலத் தெரியும். சொட்டின் நன்மையும் தொந்தரவும் இந்த இரண்டில் அடங்கிவிடுகின்றன.

கணக்காகப் பார்ப்போம். 48 வயதுக்காரர் ஒருவருக்கு அறை வெளிச்சத்தில் கண்மணியின் விட்டம் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு விட்டபின் 2 மி.மீ. ஆகிறது. குவியாத எழுத்து ஒவ்வொன்றும் விழித்திரையில் பரவும் மங்கல் பாதியாகிவிடும், அதனால் படிக்க முடிகிறது. ஆனால் விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்கு, அதாவது கண்ணுக்குள் போகும் வெளிச்சம் நாலில் ஒரு பங்குதான். பகலில், நல்ல விளக்கில் அது பெரிதாகத் தெரியாது. இருட்டிய பிறகு வண்டி ஓட்டும்போது நன்றாகவே தெரியும், அதனால்தான் இரவில் ஓட்டுவதில் எச்சரிக்கை சொல்கிறார்கள்.

தொடர்ந்து விட்டால் குணமாகும் என்பதும் இல்லை. வூயிட்டியின் விளைவு சுமார் ஆறு மணி நேரம். 40 முதல் 55 வயது வரை உள்ளவர்களிடம் நடந்த முக்கியச் சோதனையில், 30-ஆம் நாள், சொட்டு விட்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, மங்கிய வெளிச்சத்தில் தூரப்பார்வை கெடாமல், கிட்டத்தில் வைத்த பார்வை அட்டையில் மூன்று வரி கூடுதலாகப் படிக்க முடிந்தவர்கள் சுமார் 31%. மருந்தில்லாத சொட்டு விட்டவர்களில் அது 8%. பயன் இருக்கிறது, ஆனால் அந்த அளவு மேம்பாடு எல்லோருக்கும் வருவதில்லை. லென்ஸ் முழுவதும் விறைத்துவிட்ட அறுபது வயதுக்காரர் கண்ணாடியைத் தூக்கிப்போட்டுவிடலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பிழைதிருத்துநர்:
நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு 47 வயது, மைனஸ் ஏழு கண்ணாடி. நாள் முழுக்கப் பொடி எழுத்தில்தான் வேலை. கண்ணாடியோடு படித்தால் தெரிவதில்லை, கழற்றினால் தாளை மூக்கிலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தச் சொட்டை விட்டால் மைனஸ் குறையுமா? அமெரிக்காவில் இருக்கும் தங்கை வாங்கி அனுப்புகிறேன் என்கிறாள்.

விழிமருத்துவர்:
அக்கா, முதலில் தங்கையிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தச் சொட்டு மைனஸைக் குறைக்காது. இன்னொன்று, நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய ஆள். அதிக மைனஸ் உள்ள கண் நீண்டு வளர்ந்திருக்கும், அதனால் விழித்திரை ஓரத்தில் மெலிந்திருக்கும். பைலோகார்பின் உள்தசையைச் சுருக்கும்போது, கண்ணை நிரப்பியிருக்கும் கூழ் விழித்திரையின் ஓரத்தை இழுக்கலாம். அரிதாகத்தான், ஆனாலும் விழித்திரை கிழிவதும் விலகுவதும் நடந்திருக்கின்றன, மருந்துத் தாளிலேயே எச்சரிக்கை உண்டு. யாராக இருந்தாலும் சொட்டைத் தொடங்கும் முன் கண்மணியை விரித்து விழித்திரையின் ஓரம் வரை பார்த்துவிடுவது நல்லது. உங்களுக்கு அது கட்டாயம். சொட்டு விடுகிறவருக்குத் திடீரென்று மின்னல் வெட்டுவதுபோல ஒளி தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் பறந்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்குவதுபோல மறைத்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலை வரை பொறுத்துப் பார்க்கக் கூடாது.

சாதாரணமாக வருவது தலைவலிதான், புருவத்துக்கு மேலே இழுத்துப் பிடித்த மாதிரி. வூயிட்டி சோதனைகளில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு வந்தது. கண் சிவப்பதும் உண்டு. அசிக்ளிடின் உள்தசையை அவ்வளவாகத் தொடாமல் கண்மணியை மட்டும் அதிகம் சுருக்கும், விளைவும் பத்து மணி நேரம் வரை நிற்கும். ஆனால் அதிலும் தலைவலி, எரிச்சல், மங்கல் வருகின்றன. விழித்திரை எச்சரிக்கையும் நீங்கவில்லை. கண்ணுக்குள் அழற்சி இருப்பவர்கள் இந்த இரண்டையுமே தொடக் கூடாது.

அச்சகத்தான்:
அப்படியானால் என் 'வெள்ளெழுத்துச் சொட்டு' கூடக் குணமாக்கும் மருந்து என்ற எண்ணத்தைத் தந்துவிடுமோ? தென்னவன் படித்த விளம்பரமும் நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் பிரெஸ்வூ என்ற பைலோகார்பின் சொட்டுக்கு 2024 ஆகஸ்டில் அனுமதி கொடுத்துவிட்டு, கண்ணாடியே வேண்டாம் என்பதுபோல அனுமதியில் இல்லாததை நிறுவனம் சொன்னது என்று செப்டம்பரிலேயே நிறுத்தி வைத்தார்களே.

கயல்:
ஆமாம் ஐயா, அதனால்தான் பெயர் எதையும் வாக்களிக்கக் கூடாது என்று பார்க்கிறேன். கண் பரிசோதனைக்குப் போகும் எல்லோருக்கும் 'விரிக்கிற மருந்து' தெரியும். அதற்கு எதிராக 'கண்மணி சுருக்கும் சொட்டு' என்று வைத்தால் என்ன? என்ன நடக்கிறது என்பதும் தெரிகிறது, இருட்டில் ஏன் மங்குகிறது என்பதும் பெயரிலிருந்தே பிடிபடுகிறது. கலைச்சொல்லாகச் சுருக்க வேண்டுமென்றால் 'பாவைச்சுருக்கி'.

தென்னவன்:
தசை ஊக்கி என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் கண் அழுத்த நோய்க்குப் பல காலமாக விட்டுவரும் பைலோகார்பினும் பாவைச்சுருக்கிதானே? இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் நோயாளி குழம்ப மாட்டாரா?

விழிமருத்துவர்:
குழம்புவார். அழுத்தத்துக்குத் தருவது பெரும்பாலும் இதைவிடச் செறிவானது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை விட்டுவிடக் கூடாது. கையேட்டில் 'படிப்பதற்கான கண்மணி சுருக்கும் சொட்டு' என்று முதலில் ஒரு முறை நீட்டி எழுதிவிட்டு, பிறகு சுருக்கமாக எழுதலாமே. பாவையா கண்மணியா என்று கேட்டால், என்னிடம் வருபவர்களுக்குப் புரிவது கண்மணி.

அச்சகத்தான்:
கையேட்டுக்கு அது சரி. அகராதிக்குப் பாவைச்சுருக்கியே நிற்கட்டும், ஆனால் 'வெள்ளெழுத்து' என்பதை எங்காவது முன்னால் ஒட்ட வேண்டும் என்பதை நான் விடுவதாக இல்லை.

பிழைதிருத்துநர்:
தங்கையிடம் சொல்லிவிட்டேன். விழித்திரைப் பரிசோதனைக்கு யாராவது கூட வர வேண்டுமா டாக்டர்?

விழிமருத்துவர்:
கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா. விரிக்கிற மருந்து விட்டபின் சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட வேண்டாம்.