பணிமனைக் காசாளரிடம் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

தேனிக் காசாளர்:
பஸ் பணிமனையில் 14 ஆண்டுகளாகக் காசாளராக இருக்கிறேன். நடத்துநர்கள் கொண்டுவரும் வசூலை எண்ணி வாங்குவது, கணக்கைச் சரிபார்ப்பது, பணத்தை வங்கிக்கு அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. சனிக்கிழமைதோறும் பள்ளித் தோழர்கள் ஐந்து பேர் டீக்கடையில் கூடுகிறோம். ஒருவன் துபாயைப் பற்றிப் பேசுவான், ஒருவன் தன் மகனின் கால்பந்துப் போட்டிகளைப் பற்றிப் பேசுவான். என் முறை வந்தால் "வழக்கம்போல்தான்" என்பேன். போன வாரம் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டேன். இவனோடு பேசினால் தூக்கம் வருகிறது என்று நினைப்பார்களோ என்று பயம். பேசுவதற்காகவாவது புதிதாக எதையாவது தொடங்க வேண்டுமா?

மலையேறி:
கட்டாயம் தொடங்குங்கள். கிணற்றில் நீர் ஊறினால்தானே இறைக்க முடியும்? மாதம் ஒரு நாள் ஒதுக்கி மேகமலைக்குப் போய் வாருங்கள். நான் 40 வயதில் மலையேறத் தொடங்கியவன். அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் பேச்சுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

கூடல்வாசி:
14 ஆண்டுகள் ஒரே இருக்கை என்பது கொடுமைதான். வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு மனுக் கொடுங்கள். மேலாளரை நேரில் பார்த்துப் பேசுவது நல்லது.

தேனிக் காசாளர்:
கூடல்வாசி ஐயா, வேலையில் எனக்குக் குறையில்லை. சனிக்கிழமைதான் சிக்கல்.

வைகைக்கரை:
மலையேறி சொல்வதை நான் செய்தே பார்த்துவிட்டேன். இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்து லடாக் போய் வந்தேன். அலுவலகத் தோழிகளிடம் பாங்காங் ஏரியின் நீலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ஐந்து நிமிடம் புன்னகையோடு கேட்டார்கள். பிறகு யாரோ தெருவில் தண்ணீர் லாரி வராததைச் சொன்னதும் மொத்தப் பேரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அன்று பட்ட வலி இன்னும் நினைவில் இருக்கிறது. அவர்களுக்குப் பொறாமை என்றுதான் அப்போது நினைத்தேன்.

பழைய வாத்தியார்:
பொறாமை இல்லை அம்மா. உளவியல் கற்பித்தவன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கஸ் கூனி, டேனியல் கில்பர்ட், திமோத்தி வில்சன் என்ற மூவர் இதையே சோதித்து 2017-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒருவர் தான் பார்த்த ஒரு சிறு காணொளியைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் சிலர் அதை ஏற்கெனவே பார்த்தவர்கள், சிலர் பார்க்காதவர்கள். பார்க்காதவர்கள்தான் அதிகம் ரசிப்பார்கள் என்று சொல்பவர்கள் எதிர்பார்த்தார்கள். பார்த்தவர்கள்தான் அதிகம் ரசித்தார்கள்.

காரணம் எளியது. நாம் வாயால் சொல்லும் எதிலும் ஓட்டைகள் இருக்கும். ஏரியின் நீலம் உங்கள் கண்ணில் இருக்கிறது, உங்கள் சொல்லில் இல்லை. தண்ணீர் லாரி என்றால் அவரவர் குடமும் வரிசையும் சண்டையும் அவரவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ஓட்டையைக் கேட்பவரே அடைத்துக்கொள்கிறார். ஆகவே காசாளர் தம்பி புதியதைத் தேடி மலைக்குப் போக வேண்டியதில்லை. அந்த ஐவருக்கும் ஏற்கெனவே பாதி தெரிந்தது எது, அதன் மறுபாதி அவர் மேசையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மலையேறி:
ஐயா, காணொளியும் வாழ்க்கையும் ஒன்றா? தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கழுத்தறுப்பவர்களை நாம் பார்த்ததில்லையா? என் பெரியப்பா ஒருவர், அதே கோயில் திருவிழாக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பார்.

பழைய வாத்தியார்:
சரியான மறுப்பு. அந்தச் சோதனை முதல் முறை சொல்வதைப் பற்றியதுதான், நூறாவது முறையைப் பற்றியது அன்று. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் தெரியாத ஊரையும் கண்முன் நிறுத்திவிடுவார். பெரும்பாலோரால் அது முடிவதில்லை.

முல்லைக்கொடி:
எதற்கு இவ்வளவு? அவர் பேசவே வேண்டாம். கேள்வி கேட்டால் போதும். கேட்பவரைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும்.

பழைய வாத்தியார்:
பாதி உண்மை. எந்தக் கேள்வி என்பதில் இருக்கிறது விஷயம். துபாய் நண்பர் "வெயில் தாங்கவில்லை" என்றால் "அப்புறம் மதிய வேலையை எப்படிச் சமாளித்தாய்?" என்று அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு கேட்பது ஒரு வகை. அதை விட்டுவிட்டு "வாடகை எவ்வளவு, சாப்பாடு எப்படி" என்று தாவுவது வேறு வகை. முதல் வகை கேட்பவர்களைத்தான் மக்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று இன்னொரு 2017 ஆய்வு காட்டியது. ஆனால் வாராவாரம் கேட்டுக்கொண்டே இருந்து தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதவரிடம் நண்பர்கள் எவ்வளவு நாள் மனம் திறப்பார்கள்? தம்பி, இந்த வாரம் உங்கள் மேசைக்கு வந்ததில் ஒன்றைச் சொல்லுங்கள்.

தேனிக் காசாளர்:
சில்லறைத் தொல்லை அதிகம். பத்து ரூபாய் நாணயங்கள் நிறைய வருகின்றன. எண்ண நேரமாகிறது.

பழைய வாத்தியார்:
இது அறிக்கை. யார் கொண்டுவந்தார்? எத்தனை? என்ன சொன்னார்?

தேனிக் காசாளர்:
செவ்வாய் இரவு ஒரு நடத்துநர் 87 நாணயங்களை மேசையில் கொட்டினார். 870 ரூபாய். "நான் வாங்கிக்கொள்கிறேன், மீதியாகக் கொடுத்தால் ஒருவரும் வாங்குவதில்லை" என்றார். அவற்றில் ஐந்து மட்டும் ஒரு துணி முடிச்சில் இருந்தன. ஒரு பாட்டி, கடையில் இதை வாங்க மறுக்கிறார்கள் ஐயா, நீயாவது எடுத்துக்கொள் என்று முடிச்சோடு கொடுத்தாராம். ரூபாய்க் குறி இல்லாத பழைய நாணயங்கள் அவை. குறி இல்லாவிட்டால் கள்ள நாணயம் என்று ஊரில் நம்புகிறார்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே அறிவித்துவிட்டது. அந்தத் துணியை எறிய மனம் வரவில்லை, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

வைகைக்கரை:
படித்ததும் என் கைப்பையைத் திறந்து பார்த்தேன். இரண்டு நாணயங்கள் கிடக்கின்றன. நானும் மீதியாக வாங்க மறுத்தவள்தான்.

பழைய வாத்தியார்:
பாருங்கள், வைகைக்கரை தம் பையைத் திறந்துவிட்டார். கேட்பவர் "ம்" என்று மட்டும் சொன்னால் கதை அவரைத் தொடவில்லை. தம்முடையதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் தொட்டுவிட்டது. சனிக்கிழமை 87-இலிருந்து ஆரம்பியுங்கள், பணிமனையின் நடைமுறையை விளக்கிவிட்டு அதற்கு வராதீர்கள். பாட்டியோடு நிறுத்திவிடுங்கள். ரிசர்வ் வங்கியை யாராவது கேட்டால் சொல்லலாம்.

முல்லைக்கொடி:
நண்பர்களுக்குச் சரி. வீட்டில்? எனக்குத் திருமணமாகி 22 ஆண்டுகள். என் கடை, என் வாடிக்கையாளர்கள், என் எரிச்சல் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பாதி தெரிந்தால் நல்லது என்கிறீர்கள். முழுதும் தெரிந்தவரிடம் எதைச் சொல்வது?

பழைய வாத்தியார்:
அதற்கு அந்தச் சோதனையில் விடை இல்லை அம்மா. என் வீட்டில் நாங்கள் இருவரும் மாலையில் ஒரே பாதையில் நடக்கிறோம். சில நாள் பேச்சு வருகிறது, சில நாள் வருவதில்லை.

மலையேறி:
நாணயக் கதை நன்றாகவே இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமைக்கு என்ன செய்வார்? ஒரே மேசையில் எத்தனை பாட்டிகள் வருவார்கள்? நான் இன்னும் மேகமலைப் பக்கம்தான்.

தேனிக் காசாளர்:
நேற்று போனேன். சொன்னேன். எங்களில் ஒருவன் மளிகைக்கடை வைத்திருக்கிறான். "நானும் அந்த நாணயத்தை வாங்குவதில்லை, மொத்த வியாபாரி என்னிடம் வாங்குவதில்லையே" என்று குரலை உயர்த்தினான். துபாய்க்காரன் மொத்த வியாபாரிக்கு யார் மறுக்கிறார்கள் என்று கேட்டான். ஒருவருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் அதிலேயே போனது, இரண்டாவது டீ வந்தது. திங்கட்கிழமை பணம் கட்டப் போகும்போது வங்கிக் காசாளரிடம் கேட்டு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.