15 செகண்டா, 60 செகண்டா? கருவாட்டு விளம்பரத்துல எதை நிறுத்தறது?

காசிமேட்டுக்காரி: ஆன்லைன்ல கருவாடு விக்கிறேன். ஒரே ஷூட்டிங்ல 60 செகண்ட் வீடியோ ஒண்ணு, அதையே வெட்டி 15 செகண்ட்ல ஒண்ணு. மெட்டாவுல ஏ/பி டெஸ்ட் போட்டு ஒவ்வொண்ணுக்கும் 12,000 ரூபா, 10 நாள் ஓட்டினேன். சின்னது 1,50,000 தடவை காட்டுச்சு. முழுசா ஓடினது 30,000, க்ளிக் 1,800, ஆர்டர் 27. பெருசு 1,20,000 தடவை. முழுசா ஓடினது 4,800, க்ளிக் 960, ஆர்டர் 36. எதை நிறுத்தலாம்?

பெரம்பூர் எடிட்டர்: பெருசை நிறுத்துங்கக்கா, யோசிக்கவே வேணாம். சின்னதை 20% முழுசா பார்த்திருக்காங்க, பெருசை வெறும் 4%. ஒரு க்ளிக்குக்கு சின்னதுல 6 ரூபா 67 காசு, பெருசுல பன்னெண்டரை ரூபா. போன்ல ஒரு நிமிஷம் உக்காந்து கருவாடு பார்க்க எவனுக்கு நேரம்?

கணக்குப்புள்ள: தம்பி, 100 மீட்டர் ஓடினவனையும் 400 மீட்டர் ஓடினவனையும் "கோட்டைத் தொட்டானா"ன்னு மட்டும் கேட்டா எப்படி? 60 செகண்ட்ல கால்வாசி சரியா 15 செகண்ட். அக்கா, ரிப்போர்ட்ல `Video plays at 25%`னு ஒரு கட்டம் இருக்கும். பெருசுக்கு அதுல எவ்ளோன்னு பாருங்க.

காசிமேட்டுக்காரி: 22,800.

கணக்குப்புள்ள: அப்போ 19%. சின்னதுல 20%. பதினஞ்சாவது செகண்ட் வரைக்கும் ரெண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆளைப் பிடிச்சு வெச்சிருக்கு. அந்த 20-க்கு 4-ங்கறது நீளத்தோட வித்தியாசம், தரத்தோடது இல்ல.

எம்.சி. ரோடு துணிக்கடை: நானும் யூட்யூப்ல 15 செகண்ட் விட்டேன். நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல முழுசா பார்த்ததா காட்டுச்சு. ஆனா கடைக்கு ஈ காக்கா வரல. சின்னதெல்லாம் வேஸ்ட்டு நைனா.

கணக்குப்புள்ள: நீங்க விட்டது ஸ்கிப் பண்ண முடியாத வகையா இருந்திருக்கும். தாண்ட வழியில்லாதவன் பார்த்துத்தான் ஆகணும். அந்தத் தொண்ணூறை வெச்சு உங்க வீடியோ நல்லாருக்குன்னும் சொல்ல முடியாது, சின்னது வேஸ்ட்டுன்னும் சொல்ல முடியாது.

பெரம்பூர் எடிட்டர்: சரி, முழுசா பார்க்கறதை விடுங்க. க்ளிக் கிட்டத்தட்ட டபுளா இருக்கே, அது பொய்யா?

கணக்குப்புள்ள: பொய் இல்ல. ஆனா க்ளிக் பண்ணவன் என்ன பண்ணான்னு பாரு. சின்னதுல 1,800 பேர் வந்து 27 பேர் வாங்கினாங்க, அதாவது ஒன்றரை சதவீதம். பெருசுல 960-ல 36, மூணே முக்கால் சதவீதம். ஒரு ஆர்டருக்கு ஆன செலவு சின்னதுல 444 ரூபா, பெருசுல 333. வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் வாங்கணும்னு முடிவு பண்ணிட்டு வந்த கூட்டமும் வேற வேற. அக்கா, பெருசுல இருந்து சின்னதுக்கு வராம போன காட்சி எது?

காசிமேட்டுக்காரி: 38-வது செகண்ட். நெத்தி­லியைத் தண்ணியில போட்டுக் கழுவுவேன், பாத்திரத்தைச் சாய்ச்சா அடியில மண்ணு இருக்காது. வாட்ஸ்அப்ல எல்லாரும் மொதல்ல கேக்கறதே "மண்ணு இருக்குமா"ன்னுதான். இடமில்லன்னு இந்தத் தம்பிதான் அதை வெட்டினாரு.

பெரம்பூர் எடிட்டர்: படகு ஷாட் அழகா இருந்துச்சு, அதனால வெச்சேன். சரி, தப்பு என்மேலதான். அந்த மண்ணு ஷாட்டை மொத 5 செகண்ட்ல வெச்சு வெட்டித் தரேன். சின்னது ஜெயிக்கும், பந்தயம்.

கணக்குப்புள்ள: நியாயம். இதுவரைக்கும் நீளத்தையும் காட்சியையும் சேர்த்து மாத்திட்டு, நீளத்து மேல பழி போட்டிருக்கோம். ஆனா அக்கா, பெருசு ஜெயிச்சுடுச்சுன்னும் நான் சொல்லல. செலவு சமமா இருக்கும்போது என் கைக்கணக்கு இது: ரெண்டு ஆர்டர் எண்ணிக்கையையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்க. 63-க்கு சுமார் 8. வித்தியாசம் அதுல ரெண்டு பங்கு, 16-ஐத் தாண்டினாத்தான் நம்பலாம். உங்களுது வெறும் 9. இதே விகிதம் நீடிச்சா, மொத்தம் 200 ஆர்டர் கிட்ட வரும்போதுதான் தெளிவாகும். அதுக்கு ஒரு மாசம் ஓட்டணும்.

எம்.சி. ரோடு துணிக்கடை: ஒரு மாசம்னா பட்ஜெட்டே 72,000 ஆவுதே. யார் தருவா?

கணக்குப்புள்ள: அதுவும் சரிதான். முடியலன்னா ரெண்டையும் சின்னத் தொகையில ஓட விட்டு, ஆர்டர் செலவை மட்டும் பார்த்துட்டு வாங்க. அவசரப்பட்டு ஒண்ணைக் கொல்ல வேணாம்.

பெரம்பூர் எடிட்டர்: ரெண்டையும் ஓட்டறதுன்னா, சின்னதைப் பார்த்து முடிச்சவங்களுக்கு மட்டும் பெருசைக் காட்டலாமே? காசு மிச்சம்.

கணக்குப்புள்ள: காட்டலாம், வியாபாரத்துக்கு நல்லதும்கூட. ஆனா அப்புறம் ஆர்டர் எதால வந்துச்சுன்னு பிரிக்க முடியாது. டெஸ்ட் முடியட்டும்.

காசிமேட்டுக்காரி: புது வெட்டு எப்ப தம்பி தருவீங்க? அடுத்த மாசம் புரட்டாசி. பாதி வீட்டுல கருவாட்டு டப்பாவையே திறக்க மாட்டாங்க.

பெரம்பூர் எடிட்டர்: ஞாயித்துக்கிழமை தரேன்க்கா. படகையும் கடைசியில ஒரு செகண்ட் வெச்சுக்கட்டுமா?