புகை மெஷின் வாங்கலாமா? (சன்னதித் தெரு டெங்கு)

வடக்குத் தெரு, சிங்கப்பூர்

உறவுகளுக்கு வணக்கம். சன்னதித் தெருவில் ஒரே வரிசையில் மூன்று வீடுகளில் டெங்கு. எங்கள் அம்மா பயந்துபோய் இருக்கிறார். சங்கக் கணக்கிலிருந்து ஒரு புகை மெஷின் வாங்கி, விளக்கு வைத்ததும் சாக்கடை ஓரமாக அடித்தால் என்ன? கொசு மொத்தமும் அங்கேதானே கிடக்கிறது.

கீழத்தெரு, துபாய்

டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும் தம்பி. அதனால் புகையைக் காலையில் அடிக்கச் சொல். நம்ம வீடுகளில் ராத்திரி கட்டுகிற கொசுவலையே வீண் வேலை.

அக்ரகாரம் பின்தெரு, மெல்போர்ன்

துபாய் அண்ணன் சொன்னதில் முதல் பாதி சரி. வலையைக் கழற்றிவிடாதீர்கள், அதற்கு அப்புறம் வருகிறேன். நான் கும்பகோணம் பக்கம் பல வருஷம் கொசுப்புழு எண்ணுகிற வேலை பார்த்தவள்.

தம்பி, சாக்கடையில் கிடப்பது க்யூலெக்ஸ். அது டெங்கு நோயாளியைக் கடித்தாலும் பயமில்லை. கொசு ஊசி இல்லை, குடித்த ரத்தத்தை அடுத்த ஆளுக்குள் ஏற்றாது, எச்சிலைத்தான் விடும். டெங்குக் கிருமி அதன் குடல் சுவரைத் தாண்டி, உள்ளே பெருகி, எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். ஏடிஸ் கொசுவில் 8 முதல் 12 நாளில் அந்தப் பயணம் முடிகிறது. க்யூலெக்ஸின் குடலோடு அது நின்றுபோகிறது.

ஏடிஸ் அதிகம் பறக்காது, பெரும்பாலும் 100, 200 மீட்டருக்குள்தான். பொழுது விடிந்த பிறகும் சாயங்காலம் வெயில் தாழும்போதும் கணுக்காலைத் தேடி வரும். நாம் காலை உதறினால் எழுந்து அடுத்தவரிடம் மிச்சத்தைக் குடிக்கும். ஒரே வீட்டில் நாலு பேர் படுப்பது இதனால்தான். மற்ற நேரம் கட்டிலடியிலும் கொடியில் தொங்கும் சட்டைக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். விளக்கு வைத்த பிறகு தெருவில் அடிக்கிற புகை அதை எங்கே தொடப்போகிறது? மூன்று வீட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வடக்குத் தெரு, சிங்கப்பூர்

நடுவில் இருப்பது பூட்டிய வீடு அக்கா. பக்கத்து வீட்டுப் பையன் மதிலேறிக் குதித்தான். கொல்லையில் ஆட்டுக்கல் குழி நிறைய மழைத்தண்ணீர். குனிந்ததும், நிழல் பட்டு, புழுவெல்லாம் நெளிந்து அடிக்குப் போய்விட்டதாம். இறைத்துக் கொட்டிவிட்டான்.

மெல்போர்ன்

கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தண்ணீரில் இல்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கல்லில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிக்கும். தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலில் ஏழெட்டு நாளில் முட்டை கொசுவாகிவிடும், ஆகையால் வாரம் ஒரு தடவை.

தெற்குத் தெரு, மஸ்கட்

இடையில் ஒரு கேள்வி. எங்கள் அப்பாவுக்கு யானைக்கால். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ராத்திரி பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுக்க ஆள் வந்தார்கள். திருடன் என்று நாயை ஏவிவிட்டோம். பகலில் வந்திருக்கக் கூடாதா?

மெல்போர்ன்

பகலில் எடுத்திருந்தால் உங்கள் அப்பா ரத்தத்தில் ஒன்றுமே தெரிந்திருக்காது. யானைக்கால் குஞ்சுப் புழுக்கள் பகலெல்லாம் நுரையீரல் நாளங்களில் தங்கி, ராத்திரி பத்திலிருந்து இரண்டு மணிவரை தோலுக்கு அடியில் கூட்டமாக வரும். சாக்கடைக் க்யூலெக்ஸ் கடிக்கிற நேரமும் அதுதான். பசிபிக் தீவுகள் சிலவற்றில் பகல் கொசு அதே நோயைப் பரப்புகிறது; அங்கே குஞ்சுப் புழு பகலிலும் ரத்தத்தில் சுற்றுகிறது! கடிக்கிற கொசு எதுவோ, அதன் நேரத்துக்குப் புழு பழகியிருக்கிறது. துபாய் அண்ணே, வலை எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். இந்தப் புழு கொசுவுக்குள் வளருமே தவிர பெருகாது. நோய் வேரூன்ற நூற்றுக்கணக்கில் கடி வேண்டும். லீவுக்கு வந்து போகிறவர்கள் பயப்பட வேண்டாம்.

மேலத்தெரு, திருச்சி (ஓய்வு, வேளாண்துறை)

எல்லோரும் மலேரியாவை மறந்துவிட்டீர்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்த புதிதில் பட்டுக்கோட்டைப் பக்கம் அனாஃபிலிஸ் வயலில் எங்கே முட்டையிடுகிறது என்று ஆராய்ந்தார்கள். அது தண்ணீருக்கு மேல் பறந்தபடியே முட்டையை விடும் ஜாதி. நாற்று நட்ட புதிதில் இடம் தாராளம். பயிர் ஓர் அடி உயர்ந்துவிட்டால் தாள் இடித்து ஆட முடியாது, வேறு இடம் தேடிப் போய்விடும். அதனால் குறுவை நட்ட முதல் வாரங்களில் வயலுக்குத்தான் புகை அடிக்க வேண்டும் என்பேன்.

மெல்போர்ன்

பெரியப்பா, பயிர் விஷயம் முழுக்கச் சரி. ஆனால் சன்னதித் தெருவில் வந்திருப்பது டெங்கு, வயலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பையன் மொட்டை மாடிக்குப் போனானா?

வடக்குத் தெரு, சிங்கப்பூர்

மூடி உடைந்த சின்டெக்ஸ் டேங்க் ஒன்று அங்கே இருப்பது எதிர்வீட்டு மாடியிலிருந்து தெரிகிறது. மாடிப்படி வீட்டுக்கு உள்ளே. சாவி யாரிடம்?

சன்னதித் தெரு, நியூஜெர்சி

அது எங்கள் வீடு. மன்னித்துக்கொள்ளுங்கள். சாவி சித்தப்பாவிடம் இருக்கிறது, பாகத் தகராறில் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. பெரியப்பா, நீங்கள் திருச்சியில்தானே இருக்கிறீர்கள், ஒரு நடை போய்க் கேட்க முடியுமா? பூட்டை உடைத்துவிடுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தேக்குக் கதவு.