முக்கோணத்துக்கு வெளியே விழும் குத்துயரம்: ஒரு சொல் வேண்டும்

காட்பாடி ஆசிரியை:
எட்டாம் வகுப்புப் பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முக்கோணம் ABC-இல் BC 4, CA 13, AB 15 செ.மீ. விரிகோணம் C-இல் இருப்பதால் A-இலிருந்து இறக்கும் குத்துயரம் BC மேல் விழாது. BC-ஐ C பக்கம் 5 செ.மீ. நீட்டினால்தான் D-இல் வந்து விழும், உயரம் 12. பரப்பளவு ½ × 4 × 12 = 24. பிள்ளைகளில் பலர் BD முழுவதையும் அடிப்பக்கமாக்கி 54 எழுதுகிறார்கள், சிலர் சாய்ந்த CA-வையே உயரமாக்கி 26. இந்தக் குத்துயரத்துக்கு ஒரு சின்னப் பெயர் தாருங்கள்.

குடியாத்தம் ஐயா:
புறக்குத்துயரம். அகம், புறம் என்று பிரித்துப் பார்ப்பது தொல்காப்பியத்திலிருந்தே நம் வழக்கம். 'குத்து' இருக்கிறதே, உலக்கை நேராக இறங்கி நெல் குத்துவதை நினைத்துப் பாருங்கள், அதே நேர்நிலைதான் 'செங்குத்து' வரை வந்திருக்க வேண்டும்.

ஆரணி:
ஐயா, உலக்கை இருக்கட்டும். வெளிக்கோணம் படித்த பிள்ளைக்கு வெளிக்குத்துயரம் உடனே புரியும். அப்புறம், தாளைத் திருப்பி 15-ஐ அடிப்பக்கமாக வைத்தால் குத்துயரம் உள்ளேயே விழுமே, சொல்லே வேண்டாம்.

திருவண்ணாமலை அம்மா:
உள்ளே விழும், சரி. ஆனால் அந்த உயரம் 3.2, கணக்கில் அது கொடுக்கப்படவில்லையே. எனக்கு வேறு கவலை. வெளிக்கோணம் உட்கோணத்திலிருந்து வேறான கோணம். அதே பழக்கத்தில் வெளிக்குத்துயரம் என்றால், உள்ளே இன்னொன்று இருப்பதாகப் பிள்ளை தேடும். A-இலிருந்து இருப்பது ஒரே குத்துயரம், அது விழும் இடம்தான் வெளியே. 54 வருவதற்குக் காரணம் CD என்ற நீட்டிய துண்டு, அதற்குப் பெயர் வையுங்கள்: அடிநீட்சி. பெரிய செங்கோண முக்கோணம் ABD 54, அதில் அடிநீட்சி மேல் நிற்கும் ACD 30. கழித்தால் 24. நீட்சி நம் முக்கோணத்தில் சேராது என்பது அந்தக் கழித்தலிலேயே தெரிந்துவிடும்.

ராணிப்பேட்டை:
என் மனையும் இப்படித்தான், 40, 130, 150 அடி. தெருப்பக்கம் 40. உயரம் அளக்கப் போனால் நாடா பக்கத்து மனைக்குள் 50 அடி போகிறது, அவர் விடமாட்டார். தரகர் 40 × 130-இல் பாதி, 2600 சதுர அடி என்கிறார். எது சரி?

திருவண்ணாமலை அம்மா:
2400 சதுர அடி, ஏறக்குறைய ஐந்தரை சென்ட். பக்கத்து மனைக்குள் போகவே வேண்டாம். மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதி 160. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 120, 30, 10. நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். தரகர் சாய்ந்த பக்கத்தை உயரமாக எடுத்திருக்கிறார்.

காட்பாடி ஆசிரியை:
அச்சகத்தார் கூப்பிட்டுவிட்டார்கள். படத்தில் CD-க்கு அடிநீட்சி, கேள்வியில் வெளிக்குத்துயரம், இரண்டையும் போடுகிறேன். பெரும்பாலோர் இதற்குச் சரி என்கிறீர்கள்.

குடியாத்தம் ஐயா:
அடிநீட்சி நல்ல சொல், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் புறக்கோணம் என்றே பிள்ளைகள் படிக்கிறார்கள், யாருக்கும் புரியாமல் போகவில்லை. வெளிக்குத்துயரத்துக்கு நான் உடன்படவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.