சாப்பிடும்போதும் போன்தான்: கை எப்போ அதுக்குப் போகுதுன்னு எண்ணிப் பார்த்தவங்க இருக்கீங்களா?

மழைக்காகிதம்
கல்யாணமாகி 6 வருஷம். ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். சேர்ந்து உட்கார்றது ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டும்தான். அப்பவும் அவங்க ஒரு கையில சாப்பாடு, ஒரு கையில போன். ஏதாவது கேட்டா "ம்ம்"னு வரும். என்ன கேட்டேன்னு திருப்பிக் கேட்டா முழிப்பாங்க. நல்லபடியா சொன்னேன், கோபமாவும் சொன்னேன். ரெண்டு நாள் சரியா இருக்கும், மூணாம் நாள் பழைய கதை. இதுல கொஞ்சமாவது முன்னேறினவங்க என்ன செஞ்சீங்க, எங்கே சொதப்பிச்சுன்னு சொல்லுங்க. ஆறுதல் வேண்டாம்.

தாழ்வாரம்
சகோதரி, முதல்ல உங்க வீட்டுக்காரர் யார்கூட அவ்வளவு நேரம் பேசறார்னு பாருங்க. அவர் குளிக்கப் போகும்போது ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்தா விஷயம் தெரிஞ்சுடும்.

மழைக்காகிதம்
சகோதரி இல்லைங்க, அந்த வீட்டுக்காரரே நான்தான். சந்தேகமெல்லாம் எதுவும் கிடையாது. அவங்க திரையை மறைக்கறதே இல்லை. பெரும்பாலும் குட்டி வீடியோ, இல்லைன்னா ஆபீஸ் குரூப்.

சுருக்கமா சொல்றேன்
ரொம்ப சிம்பிள். நோட்டிஃபிகேஷனை எல்லாம் அணைக்கச் சொல்லுங்க, திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாத்துங்க, வீடியோ ஆப்புக்கு ஒரு நாளைக்கு 30 நிமிஷம்னு வரம்பு வைங்க. ஒரே வாரத்துல ஆர்வம் போயிடும்.

பழைய குடை
போன் சத்தம் போட்டதால எடுக்கறவங்களுக்கு இது சரி. சத்தமே வராம எடுக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. கறுப்பு வெள்ளையிலயும் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. அடுத்தவர் வெச்ச 30 நிமிஷ வரம்பை ஒரு தட்டுல தாண்டிடுவாங்க. அதுக்கப்புறம் வரம்பைப் பத்தி வேற சண்டை.

மழைக்காகிதம், மருந்துக்கு முன்னாடி ஒரு வேலை. அஞ்சு ராத்திரிக்குச் சாப்பாட்டு நேரத்தைக் கவனிங்க. எவ்வளவு நேரம் போன்ல இருந்தாங்கன்னு எண்ண வேண்டாம், அதுல ஆத்திரம்தான் ஏறும். ஒவ்வொரு தடவையும் கை போனுக்குப் போறதுக்கு முந்தின அஞ்சு பத்து நொடியில என்ன நடந்ததுன்னு மட்டும் பாருங்க. சத்தமோ அதிர்வோ வந்ததா? பேச்சு முடிஞ்சு ரெண்டு பேரும் சும்மா இருந்தீங்களா? இல்லை, நீங்க ஏதாவது சொன்னீங்களா? நீங்க சொன்னதுன்னா, அதே வார்த்தையில எழுதணும். இதுதான் முக்கியம்.

சாப்பிட்டு எழுந்தப்புறம் காகிதத்துல எழுதுங்க. மேசையிலயே போன்ல குறிச்சா நீங்களும் போன் நோண்டறதாத்தான் அவங்களுக்குத் தெரியும். இந்த அஞ்சு நாளும் எதுவும் சொல்லாதீங்க, சொன்னா கணக்கு மாறிடும். உங்க கை உங்க போனுக்குப் போனதையும் சேர்த்து எழுதுங்க. அதை விட்டுட்டா அது குற்றப்பத்திரிகை ஆயிடும்.

அரைக்கோப்பை
எங்க வீட்டுல நான்தான் அந்த "போன் ஆள்". வேலை அப்படி, ராத்திரி எந்நேரமும் கூப்பிடுவாங்க, எடுக்காம இருக்க முடியாது. இந்த மாதிரி ஆட்களுக்கு என்ன வழி?

சுருக்கமா சொல்றேன்
இதுக்கு என்கிட்ட உருப்படியான பதில் இருக்கு. சாப்பாட்டு நேரத்துக்கு Do Not Disturb போட்டு, கூப்பிட வாய்ப்பு இருக்கற நம்பரை மட்டும் அனுமதிங்க. தெரியாத நம்பர்ல இருந்தும் அவசரம் வரும்னா, திரும்பக் கூப்பிட்டா ஒலிக்கற வசதியை ஆன் பண்ணுங்க. ஐபோன்ல ஒரே ஆள் 3 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா மணி அடிக்கும். ஆண்ட்ராய்டுல அது 15 நிமிஷம். வேலை இடத்துல "அவசரம்னா ரெண்டு தடவை அடிங்க"ன்னு சொல்லி வெச்சுட்டா போதும். போன் பக்கத்து அறையில இருக்கட்டும், மணிச் சத்தத்தை முழுசா வைங்க. அழைப்பு காதுக்கு வரும், மெசேஜ் கண்ணுல படாது.

பழைய குடை
இது நல்ல ஏற்பாடு. ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தா அதையும் கழட்டி போன் பக்கத்துலயே வைங்க. பல வீட்டுல போன் வேற அறைக்குப் போயிடும், மணிக்கட்டு மட்டும் அதிர்ந்துக்கிட்டே இருக்கும். ஒரு நொடி கண்ணைத் தாழ்த்தி வாட்சைப் பார்த்தாலும் எதிர்ல பேசறவங்களுக்கு அது போன் பார்த்ததுதான்.

மழைக்காகிதம்
அஞ்சு நாள் ஆச்சு. மொத்தம் 19 தடவை எடுத்தாங்க. சத்தம் வந்து எடுத்தது 4. சும்மா இருக்கும்போது 6. நான் ஏதோ சொன்னதுக்கு அடுத்து 9. அந்த ஒன்பதுல ஏழை அப்படியே எழுதறேன்: "கரண்ட் பில் கட்டியாச்சா?", "உங்க அண்ணன்கிட்ட பேசினியா இல்லையா?", "நாளைக்கும் லேட்டா?", "அந்த ஃபார்மை இன்னும் அனுப்பலையா?", "சனிக்கிழமை என்ன பிளான், இப்பவே சொல்லு", "இந்த மாசம் கார்டுல ஏன் இவ்வளவு?", "மறுபடியும் போனா?"

மூணாவது நாள் முதல் பன்னிரண்டு நிமிஷம் போனைத் தொடவே இல்லை. ஆபீஸ்ல லிஃப்ட்டுல மாட்டிக்கிட்ட கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. மணி பார்க்கறேன்னு நானே ரெண்டு தடவை போனை எடுத்திருக்கேன். அதையும் எழுதியிருக்கேன்.

பழைய குடை
உங்க நேர்மைக்குப் பாதி வேலை முடிஞ்சது. அந்த ஏழு வரியையும் வேற யாரோ உங்களைக் கேட்கற மாதிரி நினைச்சு வாசிச்சுப் பாருங்க. ஏழும் பாக்கி வேலை, இல்லைன்னா விசாரணை. உங்க மேல தப்புன்னு சொல்லலை. ஒரு நாள்ல சேர்ந்து உட்கார்றதே அந்த நேரம்தான்னா, வீட்டுல பாக்கியா கிடக்கறதெல்லாம் தட்டுக்குப் பக்கத்துலதான் வந்து விழும். அவங்களுக்குப் போன் அப்போ ஒரு குடை மாதிரி. நீங்க குடையைப் பிடுங்கப் பார்த்தீங்க, மழை நிக்கலை. மூணாம் நாள் பழைய கதை ஆனது அதனாலதான்.

அதனால முதல்ல பாக்கி விஷயத்துக்குத் தனியா 10 நிமிஷம் ஒதுக்குங்க. சாப்பிட்டு, பாத்திரமெல்லாம் ஒழிச்சப்புறம், மேசையை விட்டு வேற இடத்துல. சமையலறைக் கதவுல ஒரு தாள் ஒட்டி, பில், ஃபார்ம், அண்ணன் எல்லாத்தையும் பகல்ல தோணும்போதே அதுல எழுதிடுங்க, மேசையில வாயைத் திறக்காதீங்க. பத்து நிமிஷம் ஆனா மிச்சம் நாளைக்கு. இதை மூணு நாலு நாள் நீங்களா செஞ்சு காட்டினப்புறம்தான் போனைப் பத்திப் பேசணும்.

பேசறது சாப்பாட்டு நேரத்துல வேண்டாம், போன் அவங்க கையில இருக்கும்போதும் வேண்டாம். நடந்து போகும்போதோ வண்டியில போகும்போதோ பேசலாம், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. தம்பதிகளை நிறைய ஆராய்ஞ்ச ஜான் காட்மன் திரும்பத் திரும்பச் சொல்றது, பேச்சு கடுமையாத் தொடங்கினா பெரும்பாலும் கடுமையாத்தான் முடியும்னு. "நீ எப்பப் பார்த்தாலும்"னு தொடங்கினா அவங்க "நீங்க மட்டும்?"னுதான் முடிப்பாங்க. உங்க தாள்லயே ரெண்டு தடவை இருக்கு, அதுக்கும் பதில் இருக்காது. லிஃப்ட் கதையில தொடங்குங்க: "அன்னிக்கு நீ லிஃப்ட் கதை சொன்னப்போ ரொம்ப நல்லா இருந்தது. ராத்திரி முதல் இருபது நிமிஷம் ரெண்டு பேர் போனும் படுக்கையறையில இருக்கட்டுமா? பில் கில் பேச்சு நானும் எடுக்கலை." கேட்கறது என்ன, எவ்வளவு நேரம், பதிலுக்கு நீங்க எதை விடறீங்க, மூணும் இதுல இருக்கு. "இனிமே போன் பார்க்காதே"ங்கறதுக்கு முடிவே இல்லை, அதனால யாராலயும் காப்பாத்த முடியாது.

தாழ்வாரம்
படுக்கையறை வரைக்கும் எதுக்கு? மேசையிலயே கவுத்து வெச்சா போதாதா?

பழைய குடை
போதாது. கை எட்டற தூரத்துல இருந்தா பேச்சு தடுமாறற நொடியிலயே கை போயிடும். 2018-ல வந்த ஒரு ஆய்வுல 300-க்கும் மேற்பட்டவங்களை நண்பர், குடும்பத்தோட உணவகத்துல சாப்பிட வெச்சுப் பார்த்தாங்க. போனை மேசையில வெச்சிருந்தவங்களுக்குக் கவனம் அதிகம் சிதறிச்சு, சாப்பாட்டு நேரம் கொஞ்சம் குறைவாத்தான் ரசிச்சது. வித்தியாசம் பெரிசு இல்லை, அதையும் சொல்லணும். வீட்டுல இன்னும் நேரடிக் காரணம் ஒண்ணு இருக்கு: எழுந்து போய் எடுக்கணும்னா அது எல்லாருக்கும் தெரியற ஒரு முடிவு ஆயிடும். தெரியாம எடுக்க முடியாது.

இருபது நிமிஷம் முழுசா உடைஞ்சு நான் பார்த்ததில்லை, ஓரத்துலதான் அரிக்கும். "மணி என்ன", "அந்த நடிகர் பேரு என்ன, ஒரு நிமிஷம் தேடறேன்", "இந்த போட்டோவைப் பாரு". மணிக்கு உட்கார்ற இடத்துல இருந்து தெரியற மாதிரி ஒரு சுவர்க்கடிகாரம். பேரு ஞாபகம் வரலைன்னா வராமலே இருக்கட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து யோசிக்கறதும் பேச்சுதானே. போட்டோ இருபது நிமிஷத்துக்கு அப்புறம்.

அரைக்கோப்பை
ஒரு இடத்துல ஒத்துக்க மாட்டேன். அஞ்சு நாள் ஒண்ணும் சொல்லாம தாள்ல எழுதறது உளவு பார்க்கற மாதிரி இருக்கு. என் வீட்டுல அப்படி ஒரு தாள் கிடைச்சா அன்னிக்கே பெரிய சண்டை. போனைப் பார்க்கும்போது பேச்சைப் பாதியில நிறுத்திட்டுக் காத்திருந்தா நாங்களே புரிஞ்சுக்குவோம்.

பழைய குடை
தாளைப் பத்தி நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. மழைக்காகிதம், ஒளிச்சு வைக்க வேண்டாம், கடைசியில அவங்ககிட்டயே காட்டலாம், நீங்க போன் எடுத்த ரெண்டு தடவையை மேல எழுதி. ஆனா பாதியில நிறுத்திக் காத்திருக்கறது சிலருக்குத்தான் புரியும். சிலருக்கு அது முகத்தைத் தூக்கி வெச்சுக்கறது. வீட்டு ஆளைப் பொறுத்தது.

மழைக்காகிதம்
பதினாறு நாள் கழிச்சு வந்திருக்கேன். வண்டியில போகும்போது பேசினேன், தாளையும் காட்டினேன். முதல்ல கோபம், அப்புறம் "மறுபடியும் போனா?"ங்கற வரியைப் பார்த்துச் சிரிச்சுட்டாங்க. இருபதுன்னு கேட்டேன், பதினஞ்சு நிமிஷம்னு பேரம் பேசினாங்க. ஒத்துக்கிட்டேன்.

அதுல கடைசி அஞ்சு ராத்திரியை ரெண்டு பேருமா எண்ணினோம். பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள எழுந்து போய் எடுத்தது ரெண்டே தடவை, ஒண்ணு நிஜமாவே அழைப்பு. இன்னொண்ணு நான் கார்டு பேச்சை எடுத்தப்போ. ஆனா பதினஞ்சு முடிஞ்ச நொடியே எழுந்துடறாங்க. அப்புறம் நடுவுல வர்ற மௌனம், அது எனக்கே தாங்கலை. கேள்வி கேட்காம எப்படி நிரப்பறதுன்னு தெரியலை.

சுருக்கமா சொல்றேன்
ஒரே திரையில ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாவது பாருங்களேன். தனித்தனியா பார்க்கறதுக்கு அது எவ்வளவோ மேல்.

அரைக்கோப்பை
பதினஞ்சு நிமிஷத்தைக் காப்பாத்திட்டு அதுலயே டிவியைப் போட்டா என்ன ஆச்சு?

பழைய குடை
பதினஞ்சுக்கு அப்புறம்னா சேர்ந்து பார்க்கட்டும், தப்பில்லை. உள்ளே வேண்டாம். மௌனத்தை நிரப்பணும்னு கட்டாயம் இல்லை மழைக்காகிதம், மெல்லற நேரம்தானே. பேசியே ஆகணும்னு தோணினா கேள்வியா கேட்காதீங்க, உங்க நாள்ல நடந்த ஏதாவது ஒண்ணை நீங்க சொல்லுங்க. அந்த ஒன்பதுல பாக்கி ரெண்டு என்னன்னு நீங்க எழுதவே இல்லையே?

மழைக்காகிதம்
எழுதலை. ரெண்டும் நான் என் ஆபீஸ் புலம்பலைச் சொன்னது. அப்பவும்தான் எடுத்தாங்க.