புதுப்பிப்பு: 61 சதவீதம் திறந்தும் பதில் அதிகம் வராத கதை

அன்று நான் கேட்டது: "சந்திப்பு கேட்டு 400 பேருக்கு மெயில் போட்டேன், 61 சதவீதம் பேர் திறந்திருக்கிறார்கள், பதில்தான் அதிகம் இல்லை. எழுத்து மோசமா?"

எழுத்தைக் குறை சொல்லும் முன் திறந்த நேரத்தைப் பாருங்கள் என்றார் ஒரு அனுபவஸ்தர். பார்த்தேன். பாதிக்குமேல் 'திறப்பு' ஆளே விழித்திருக்காத நேரத்தில். 2021-இல் வந்த ஆப்பிள் மெயில் தனியுரிமை வசதி, பெறுபவர் படிக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறதாம்; அதுவும் 'திறப்பு' என்றே கணக்காகிவிடுகிறது.

ஆப்பிள் முகவரிகளைக் கழித்தால் போதும் என்றார் இன்னொருவர். பாதி சரி. ஜிமெயில் முகவரியையும் ஐபோன் மெயில் செயலியில் படிப்பவர்கள் உண்டே!

சரி என்று பதில்களைக் கையால் பிரித்தேன். மொத்தம் 14. விடுமுறைத் தானியங்கிப் பதில் 6, "என் பெயரை எடுத்துவிடுங்கள்" 3, நிஜ ஆர்வம் 5. சந்திப்புக்கு நேரம் குறித்தவர் 2, வந்தவர் 1.

அப்புறம் பட்டியலைச் சுருக்கி, அதே மெயிலை 200 பேருக்கு அனுப்பினேன். ஆர்வம் 6, குறித்த சந்திப்பு 3, மூவரும் வந்தார்கள். பட்டியல்தான் காரணம் என்று தோன்றுகிறது. ஆனால் இரண்டாவது முறை அனுப்பிய வாரமும் வேறு, எண்ணிக்கையும் சின்னது. இன்னொரு 200 அனுப்பிவிட்டு வருகிறேன்.